எட்டரைக்குப் படுத்துப் பத்தேகாலுக்குத் தூங்கும் குழந்தை

"எங்கள் மகனுக்கு இரண்டரை வயது. சிங்கப்பூரில் செங்காங்கில் நாலறை வீட்டில் இருக்கிறோம். இரவு 8:30க்குப் படுக்க வைத்தால் பத்து, பத்தேகால் வரை உருண்டுகொண்டே இருக்கிறான். ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியை நிறுத்திப் பார்த்தோம், பெரிய மாற்றம் இல்லை. வெளிச்சத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? திரையை மஞ்சளாக மாற்றிவிட்டால் போதுமா?"

சம்பந்தம் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் இரவு ஏழரைக்கு மேல் பெரிய வெளிச்சம் கைப்பேசியிலிருந்து வருவதில்லை, தலைக்கு மேலிருந்து வருகிறது என்பது என் ஊகம். குழந்தைகளின் தூக்கச் சிக்கல்களைப் பார்க்கும் பிரிவில் தாதியாகப் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். வரும் பெற்றோரில் பாதிப் பேர் "போனை நிறுத்திட்டோம் சிஸ்டர், அப்பவும் தூங்கல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். உட்கூரையில் என்ன விளக்கு என்று கேட்டால் யோசிக்காமல் "டேலைட்" என்பார்கள், பகல்போலப் பளிச்சென்று எரியும் வெள்ளை விளக்கு அது.

முதலில் உடம்புக்குள் நடப்பது. பொழுது சாய்ந்த பிறகு மூளையில் மெலடோனின் என்ற சுரப்பு ஏறத் தொடங்கும். அது தூக்க மருந்து அல்ல. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் தகவல், அவ்வளவுதான். அந்தத் தகவல் வராமல் குழந்தையைப் படுக்க வைத்தால், பசிக்காத பிள்ளைக்கு ஊட்டுவது போலத்தான். அமெரிக்காவில் இரண்டரை முதல் மூன்று வயதுக் குழந்தைகளின் எச்சிலை மாலையில் அரை மணிக்கு ஒரு முறை எடுத்துச் சோதித்தார்கள். மெலடோனின் ஏறத் தொடங்கிய நேரம் சராசரியாக இரவு ஏழரையை ஒட்டி இருந்தது, ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை மணிக்கணக்கில் வித்தியாசம். அது ஏறுவதற்கு முன்பே படுக்க வைக்கப்பட்ட குழந்தைகள் தூங்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள், படுக்கையில் அடமும் பிடித்தார்கள்.

இந்தச் சுரப்பைத் தடுக்கும் சுவிட்ச் கண்ணில் இருக்கிறது. விழித்திரையில் சில செல்களுக்கு உருவம் பார்க்கும் வேலை பெரிதாக இல்லை. வெளியே பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதுதான் அவற்றின் முக்கிய வேலை. நீலம் கலந்த வெளிச்சத்துக்கு அவை அதிகம் துள்ளும். சின்னக் குழந்தையின் கண்மணி நம்முடையதைவிட அகலம், லென்ஸ் கண்ணாடி போலத் தெளிவு. அதனால் ஒரே அறையில் ஒரே விளக்கின்கீழ் உட்கார்ந்திருந்தாலும் உங்கள் மகனின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சம் உங்களுக்குப் போவதைவிட அதிகம்.

எவ்வளவு அதிகம் பாதிக்கும் என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். 2018இல் வெளிவந்ததில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் சுமார் 1000 லக்ஸ் வெளிச்சம் வரும் மேசைமேல் விளையாடினார்கள். மெலடோனின் கிட்டத்தட்ட 88 விழுக்காடு இறங்கியது. விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் கழித்தும் ஏறவில்லை. 2022இல் அதே குழு வெளிச்சத்தைக் குறைத்து, 5 லக்ஸில் தொடங்கி, படிப்படியாகச் சோதித்தது. 5 முதல் 40 லக்ஸ் வரையிலான மங்கல் வெளிச்சத்திலேயே சராசரியாக 78 விழுக்காடு குறைந்தது.

இதைப் படித்துவிட்டு வீட்டை இருட்டாக்கி மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம். அந்தக் குழந்தைகள் சோதனை நாள் முழுவதும் சன்னல்களை மறைத்த, மங்கலான வீட்டுக்குள் இருந்தார்கள். பகலில் நல்ல வெளிச்சம் பார்க்காத கண் இரவில் சின்ன வெளிச்சத்துக்கும் துள்ளும். பகலெல்லாம் வெளியே ஓடியாடிய பிள்ளைக்கு அந்த அளவுக்கு இருக்காது. இன்னொன்று, அவர்கள் அளந்தது மெலடோனினைத்தான், குழந்தை தூங்க எத்தனை நிமிடம் ஆனது என்பதை அல்ல. எண்களை அப்படியே நம் வீட்டுக்கு எடுத்து வர முடியாது. ஆனால் வெளிச்சத்தை நிறுத்தியவுடன் உடம்பு இரவுக்குத் திரும்பிவிடாது என்பதை எடுத்து வரலாம். எட்டரைக்குப் படுக்கையறை விளக்கை அணைத்தால் போதாது. ஏழரைக்கே வரவேற்பறையைக் கவனிக்க வேண்டும்.

அந்த வரவேற்பறையில் பெரும்பாலும் உட்கூரையை ஒட்டி ஒரு வட்ட எல்இடி விளக்கு இருக்கும். அதன் பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்ணாக 6500K என்று அச்சிட்டிருக்கும். நடுப்பகல் வானத்தின் வெள்ளை அது. புது வீட்டுச் சாவி வாங்கியதும் ஒப்பந்தக்காரர் "இதுதான் பளிச்சுன்னு இருக்கும்" என்று மாட்டிவிட்டுப் போவார், நாமும் சரி என்போம். அதன் அடியில் சோபாவில் உட்கார்ந்த குழந்தையின் கண்மட்டத்தில் 100 முதல் 200 லக்ஸ் சாதாரணமாக வரும். இரண்டரை மீட்டர் தள்ளியிருக்கும் தொலைக்காட்சியிலிருந்து வருவது பெரும்பாலும் பத்து லக்ஸை ஒட்டித்தான். கைப்பேசி இரண்டுக்கும் நடுவில். ஆனால் சின்னப் பிள்ளைகள் அதை மூக்குக்கு அருகில் பிடிப்பார்கள், அதனால் கண்ணுக்குப் போவது கூடும். முழு வெளிச்சத்தில் வைத்தால் பல பத்து லக்ஸ் வந்துவிடும்.

அப்படியானால் கைப்பேசியை நிறுத்தி என்ன பயன் என்று கேட்கலாம். அதன் தொல்லையில் வெளிச்சத்தின் பங்கு பாதிகூட இல்லை என்பது என் அனுபவம். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது தானாக ஓடும், காட்சி இரண்டு மூன்று நொடிக்கு ஒரு முறை மாறும். முடிவே இல்லாத ஒன்றை நாம் கையிலிருந்து பிடுங்குகிறோம். அதற்கு ஓர் அழுகை, சமாதானம் செய்ய இருபது நிமிடம். அழுது முகம் சிவந்த குழந்தை உடனே தூங்காது. இங்கிலாந்தில் 16 முதல் 30 மாதக் குழந்தைகளை வைத்து 105 குடும்பங்களில் ஒரு சோதனை நடந்தது, 2024இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் ஏழு வாரம் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் திரையை நிறுத்திவிட்டு, கொடுக்கப்பட்ட பெட்டியிலிருந்து அமைதியான விளையாட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். தூக்கத்தின் தரம் கொஞ்சம் கூடியது, இரவு விழிப்பு கொஞ்சம் குறைந்தது. 'கொஞ்சம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் ஒரு வாரம் நிறுத்தியும் பெரிய மாற்றம் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. அதுவும் நீங்கள் நிறுத்தியது சாப்பாட்டு நேரத்தில். அதற்குப் பிறகு படுக்கை வரை என்ன ஓடுகிறது என்று எழுதவில்லையே.

மஞ்சள் திரை பற்றி. நீலம் குறையும், நல்லதுதான். ஆனால் வெளிச்சத்தின் அளவு அப்படியே இருந்தால் பாதி வேலைதான் நடக்கும், அடுத்தடுத்து ஓடும் காணொளிக்கு அது ஒன்றும் செய்யாது. மேலே 6500K எரியும்போது கையில் மஞ்சள் திரை வைத்திருப்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது மாதிரி.

சிங்கப்பூருக்கே உரிய ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும், பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. 1982 சனவரி முதல் தேதி மலேசியாவோடு சேர்ந்து நம் கடிகாரத்தையும் அரை மணி முன்னே நகர்த்தினார்கள். இப்போது நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே முன்னால் ஓடுகிறது. உச்சி வெயில் இங்கே பகல் ஒரு மணிவாக்கில். ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறைகிறது. அதாவது கடிகாரத்தில் எட்டரை என்றால் சூரியக் கணக்கில் ஏழரைகூட ஆகவில்லை. வெளிநாட்டுப் புத்தகத்தில் 'ஏழரைக்குத் தொட்டில்' என்று படித்துவிட்டு இங்கே செய்தால் அந்தி மறைந்த கையோடு பிள்ளையைப் படுக்க வைக்கிறோம். இரண்டரை வயதுக்கு 9:00, 9:15 என்பது இங்கே தாமதமே அல்ல என்று நான் நினைக்கிறேன், காலையில் ஏழு வரை தூங்க முடிந்தால். ஒன்று முதல் இரண்டு வயதுக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம், மூன்று வயதிலிருந்து 10 முதல் 13 மணி நேரம் என்பது பரிந்துரை. பகல் தூக்கமும் அதில் சேர்த்தி.

சரி, ஒரு வீட்டில் நடந்ததை எண்ணோடு சொல்கிறேன். யீஷூனில் ஒரு குடும்பம், மகளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். பெற்றோர் இருவருக்கும் வேலை. பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைத்துவந்து வீடு சேர 6:50. ஏழேகாலுக்குச் சாப்பாடு, கைப்பேசியில் பாட்டு. எட்டேகாலுக்குக் குளியல். எட்டரைக்குத் திருச்சியிலிருந்து தாத்தா பாட்டி காணொளி அழைப்பு, அங்கே அப்போது மாலை ஆறு. 8:45க்குப் படுக்கை. தூங்கியது 10:00 முதல் 10:25க்குள். காலையில் ஏழு மணிக்கு உலுக்கித்தான் எழுப்புவார்கள். இரவில் எட்டே முக்கால் மணி நேரம், பராமரிப்பு நிலையத்தில் ஒன்றே முக்கால். மொத்தம் பத்தரை. அவளுக்கு அது பற்றவில்லை, மாலையில் காரில் ஏறியதும் கண் சொக்கும்.

முதல் ஐந்து இரவு எதையும் மாற்ற வேண்டாம், மூன்று நேரங்களை மட்டும் எழுதுங்கள் என்றேன். பெரிய விளக்கை அணைத்த நேரம், தலை தலையணையில் பட்ட நேரம், தூங்கிய நேரம். கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, பிள்ளை உட்காரும் இடத்தில், அவள் கண்மட்டத்தில், அவள் பார்க்கும் திசையில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அந்தச் செயலிகள் துல்லியமானவை அல்ல, ஒரே வீட்டில் இந்த இடத்தையும் அந்த இடத்தையும் ஒப்பிடுவதற்கு மட்டும் உதவும். சோபாவில் 180 காட்டியது. குளியலறையில், கண்ணாடிக்கு மேலிருந்த விளக்கின் எதிரே, 300க்கு மேல். அம்மாவுக்கு அதுதான் அதிர்ச்சி. தூங்குவதற்கு முன் குளிப்பாட்டினால் அமைதியாகும் என்று நினைத்து, வீட்டிலேயே பிரகாசமான இடத்தில் பிள்ளையை இருபது நிமிடம் நிறுத்தி வைத்திருந்தார்.

செய்த மாற்றங்கள் பெரிதல்ல. குளியல் சாப்பாட்டுக்கு முன்னே போனது, வீடு வந்ததும் ஏழு மணிக்கே. சாப்பாடு ஏழரைக்கு, கைப்பேசி இல்லாமல். எட்டு மணிக்கு வரவேற்பறைப் பெரிய விளக்கு அணைந்து, சோபாவுக்குப் பின்னால் ஒரு நிற்கும் விளக்கு எரியும். 2700K, அதாவது பெட்டியில் 'வார்ம் வைட்' என்று எழுதியிருக்கும் மஞ்சள் பல்ப். பிள்ளையின் கண்மட்டத்தில் 15 லக்ஸுக்குள் வந்தது. பல் துலக்குவது குளியலறை விளக்கைப் போடாமல், சமையலறை வெளிச்சத்தில். தாத்தா பாட்டி அழைப்பு வாரநாளில் காலைக்கு மாறியது. இங்கே 7:30 என்றால் திருச்சியில் விடியற்காலை ஐந்து, பாட்டி அப்போது எழுந்து காப்பி போட்டுக்கொண்டிருப்பார்.

விளக்கை மாற்றினோம், ஆனால் படுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவரவில்லை. பின்னே தள்ளினோம். முதல் நான்கு இரவு 9:30க்குத்தான் படுக்கை. அப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காரணம் இதுதான். எப்போது படுத்தாலும் ஒரு பிள்ளை பத்தேகாலுக்குத்தான் தூங்குகிறது என்றால், அதன் உள்கடிகாரம் பத்தேகாலில் நிற்கிறது. எட்டே முக்காலுக்குப் படுக்க வைத்தால் ஒன்றரை மணி நேரம் படுக்கையில் விழித்திருக்கப் பழகும். அது தனிப் பழக்கமாகி, பிறகு விளக்கை மாற்றினாலும் போகாது. 9:30க்குப் படுத்தபோது முதல் இரண்டு இரவு பத்தேகால், மூன்றாவது இரவு 10:00, நான்காவது 9:50. அதற்குப் பிறகு மூன்று நான்கு இரவுக்கு ஒரு முறை பத்து நிமிடம் முன்னே. காலையில் எழுப்பும் நேரம் ஞாயிறு உட்பட ஏழு மணி, அதை மட்டும் அசைக்கவில்லை. மூன்று வாரத்தில் 9:00க்குப் படுத்து 9:20க்குத் தூங்கினாள். மொத்தத் தூக்கம் பதினொன்றரை மணி நேரத்தை நெருங்கியது.

நடுவில் ஒரு சனிக்கிழமை சறுக்கியது. உறவினர் வந்தார்கள், எல்லா விளக்கும் எரிந்தது, அண்ணன் பிள்ளைகளோடு பத்து மணி வரை தொலைக்காட்சி. அன்று 10:40. மறுநாள் ஒன்பதரைக்குள் திரும்பிவிட்டது. ஒரு இரவு கெட்டால் பரவாயில்லை, தொடர்ந்து நான்கைந்து இரவு கெட்டால்தான் உள்கடிகாரம் நகரும்.

பகல் தூக்கத்தை அந்த மூன்று வாரமும் வேண்டுமென்றே தொடவில்லை. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஆனால் உங்கள் மகன் பராமரிப்பு நிலையத்தில் மூன்று, மூன்றரை வரை தூங்குகிறானா என்று கேட்டு வையுங்கள். அப்படியானால் விளக்கை எவ்வளவு மங்கலாக்கினாலும் எட்டரைக்கு அவனுக்குத் தூக்கம் வராது. ஆசிரியரிடம் இரண்டரைக்கு எழுப்ப முடியுமா என்று கேட்பது அடுத்த படி. அதேபோல, மாலையில் வண்டியில் பத்து நிமிடம் கண் அசந்தாலும் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பகல் வெளிச்சமும் இதில் பாதி. வாய்ப்பு இருக்கும் நாளில் காலையில் நடந்தே அழைத்துப் போங்கள், குடைக்குள்ளோ மரநிழலிலோ போனாலும் வெளியே ஆயிரக்கணக்கில் லக்ஸ் இருக்கும். வீட்டுக்குள் எவ்வளவு விளக்குப் போட்டாலும் அது வராது. மாலையில் விளையாட்டுத் திடலுக்கு ஏழுக்குள் போய்விட்டு வந்துவிடுங்கள். இருட்டிய பிறகு அங்கேயும் விளக்குகள் பளிச்சென்று எரியும்.

தாழ்வாரத்துப் பக்கம் சன்னல் இருக்கும் அறையில் அவன் படுக்கிறானா? பொதுத் தாழ்வார விளக்கு விடியும்வரை எரியும். தடித்த திரைச்சீலை ஒன்று போட்டால் போதும், விலை உயர்ந்தது வேண்டாம். இரவில் டயப்பர் மாற்றப் பெரிய விளக்கைப் போடாதீர்கள். தரையோரம் செருகும் சின்ன மஞ்சள் விளக்கு போதும். வாடகை வீடு, விளக்கை மாற்ற முடியாது என்றால் நிற்கும் விளக்கு ஒன்று வாங்குங்கள், உட்கூரை விளக்கை அணையுங்கள், வேலை முடிந்தது.

சுகாதார அமைச்சின் அறிவுரை 18 மாதத்துக்குக் கீழே திரையே வேண்டாம், 18 மாதம் முதல் ஆறு வயது வரை பள்ளி நேரம் போக ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குள், சாப்பாட்டிலும் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் வேண்டாம் என்கிறது. மருந்துக்கடையில் மெலடோனின் மிட்டாய் கிடைக்குமா என்று சிலர் கேட்பார்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் இந்த வயதில் கொடுக்காதீர்கள். அவனுக்கு வெளிச்சத்தைக் குறைத்தால் சொந்தமாகவே சுரக்கும்.

விளக்கு, படுக்கும் நேரம், பகல் தூக்கம் மூன்றையும் சரிசெய்து நான்கு வாரம் ஆகியும் தூங்க ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் வேறு எங்கோ பார்க்க வேண்டும். படுத்ததும் கால்களை உதறிக்கொண்டே இருக்கிறானா? இரும்புச்சத்துக் குறைவில் அப்படி வரும், இரத்தப் பரிசோதனையில் தெரியும். முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறத்திலும் சொறிகிறானா? இந்தப் புழுக்கத்தில் எக்ஸிமா இரவில்தான் அதிகம் அரிக்கும். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, வாயைத் திறந்து மூச்சு, தலையைப் பின்னால் சாய்த்துத் தூக்கம் என்றால் விளக்கை மாற்றிப் பயனில்லை. பாலிகிளினிக்கிலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டுங்கள். போகும் முன் ஓர் இரவு அவன் தூங்கிய பிறகு, மேல்சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சும் முகமும் தெரியும்படி ஒரு நிமிடம் காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பகலில் மருத்துவர் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை குறட்டை விடாது.